வளைகாப்பு மாதத்தில் சுருங்கிய வால்வு என்ன செய்யும்?

"டாக்டருக்கு வணக்கம். நாங்கள் பேரணாம்பட்டு பக்கம். என் மகளுக்கு 22 வயது, காட்பாடியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம், இப்போது ஐந்து மாதம். சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்து 21 நாளுக்கு ஒரு தடவை ஊசி போட்டோம், கல்யாணத்துக்கு அப்புறம் நிறுத்திவிட்டோம். போன வாரம் எக்கோ எடுத்ததில் மிட்ரல் வால்வு சுருக்கம், 1.2, மிதமானது என்று எழுதியிருக்கிறார்கள். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள், மாடிப்படி ஏறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. அது எல்லாருக்கும் வருவதுதானே? இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத வால்வு இப்போது என்ன செய்துவிடும்? கலைக்கச் சொல்வார்களோ என்று சம்பந்தி வீட்டில் பயப்படுகிறார்கள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வரலாமா?"

அம்மா, முதலில் அந்த 'மிதமானது' என்ற வார்த்தையை மறந்துவிடுங்கள். மிட்ரல் வால்வு நன்றாக இருக்கும் ஒருவருக்கு அது திறக்கும்போது 4 முதல் 6 சதுர செ.மீ. அளவுக்கு வழி இருக்கும். உங்கள் மகளுக்கு அது 1.2. பழைய அட்டவணைப்படி 1-க்கும் 1.5-க்கும் நடுவில் இருந்தால் 'மிதமானது' என்று எழுதுவார்கள், இன்றும் பல எக்கோ அறிக்கைகளில் அப்படியே வருகிறது. ஆனால் இப்போது இதய மருத்துவர்கள் பின்பற்றும் வழிகாட்டுதலில் 1.5-ம் அதற்குக் கீழே இருப்பதும் கடுமையான சுருக்கம்தான். அதுவும் கர்ப்பிணிக்கு 1.2 என்றால், எந்த இதய மருத்துவரும் அதை மிதமானது என்று எண்ணி அனுப்பிவிட மாட்டார். உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி இன்னும் இரண்டு மாதம் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

இத்தனை வருஷம் ஒன்றும் செய்யாத வால்வு இப்போது என்ன செய்யும் என்பதுதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமான கேள்வி, அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நுரையீரலில் காற்றை வாங்கிக்கொண்ட ரத்தம் இதயத்தின் இடது மேலறைக்கு வந்து சேரும். அங்கிருந்து மிட்ரல் வால்வு வழியாகக் கீழறைக்கு இறங்கும், கீழறை அதை உடம்பு முழுவதற்கும் தள்ளும். சின்ன வயதில் தொண்டைப்புண் கிருமியைத் தொடர்ந்து வந்த மூட்டுக் காய்ச்சல் மூட்டை வலிக்க வைத்துவிட்டுப் போய்விடும், ஆனால் வால்வின் இரண்டு இதழ்களிலும் தழும்பை விட்டுவிட்டுப் போகும். வருஷக்கணக்கில் அந்தத் தழும்பு தடித்து, இதழ்களின் ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அகலமாகத் திறந்த கதவு சட்டைப் பொத்தான் போடும் துளை மாதிரி ஆகிவிடும். அந்தத் துளை வழியாகத்தான் உங்கள் மகளின் ரத்தம் முழுவதும் இத்தனை வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறது. வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும்போது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். துடிப்பு 70 இருந்தால் அந்தத் துளைக்கு அது போதும், மேலறையில் அழுத்தம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான். அதனால்தான் அவள் 'நன்றாக' இருந்தாள்.

கர்ப்பம் இந்தக் கணக்கில் இரண்டு விஷயங்களை மாற்றுகிறது. ஒன்று, ரத்தத்தின் அளவு. முதல் மூன்று மாதத்திலேயே ஏற ஆரம்பித்து, 32 வாரம் வரும்போது பழைய அளவைவிட ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடிவிடும். அதில் தண்ணீர்ப்பகுதி அதிகமாகவும் சிவப்பணு குறைவாகவும் கூடுவதால்தான் நல்ல ஆரோக்கியமான பெண்ணுக்கே ஹீமோகுளோபின் சற்று இறங்கித் தெரியும். ரத்தக் குழாய்கள் தளர்ந்து கொடுக்கும், கர்ப்பப்பைக்கு நிறைய ரத்தம் போகும், இதயம் நிமிஷத்துக்குத் தள்ளும் அளவு 5 லிட்டரிலிருந்து 7 லிட்டருக்குப் பக்கம் போகும். இரண்டாவது, துடிப்பு. அது 10 முதல் 20 வரை கூடும். நல்ல வால்வு உள்ள பெண்ணுக்கு இதெல்லாம் உடம்பு குழந்தைக்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு, அவளுக்குத் தெரியக்கூடத் தெரியாது.

சுருங்கிய மிட்ரல் வால்வுக்கு இந்த இரண்டும் சேர்ந்து வருவதுதான் ஆபத்து. ஏன் என்று பாருங்கள். மேலறையிலிருந்து கீழறைக்கு ரத்தம் எந்த நேரமும் இறங்குவதில்லை. கீழறை சுருங்கும்போது வால்வு மூடியிருக்கும், அது விரிந்து ஓய்வெடுக்கும் நேரத்தில் மட்டும்தான் இறங்கும். துடிப்பு வேகமானால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, ஓய்வு நேரம்தான் வெட்டுப்படும். துடிப்பு 70 இருந்தால் ஒரு நிமிஷத்தில் ஏறக்குறைய 37 விநாடி வால்வு திறந்திருக்கும். 100 ஆனால் அது 30 விநாடிக்கு வந்துவிடும். ஆக முன்பு 37 விநாடியில் 5 லிட்டர் போன அதே துளை வழியாக இப்போது 30 விநாடியில் 7 லிட்டர் போக வேண்டும்.

போகும் ரத்தத்தின் வேகம் ஒன்றே முக்கால் மடங்கு ஆகிறது. ஆனால் அதைத் தள்ளுவதற்கு வேண்டிய அழுத்தம் ஒன்றே முக்கால் மடங்கு கூடுவதில்லை, அதன் வர்க்கமாக, ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடுகிறது. உங்கள் மகளின் 1.2-ஐயே வைத்து, நாங்கள் பயன்படுத்தும் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தேன். துடிப்பு 70-ல் 5 லிட்டர் போக மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் 9 மி.மீ. அழுத்த வித்தியாசம் போதும். துடிப்பு 100-ல் 7 லிட்டர் போக வேண்டுமானால் 26 மி.மீ. வேண்டும். இது தோராயமான கணக்குதான், ஒவ்வொரு உடம்பும் கொஞ்சம் மாறும், ஆனால் எந்தப் பக்கம் போகிறது என்பது புரியும். துளை அதேதான், வால்வு ஒரு துளிகூடக் கெட்டுப்போகவில்லை. கர்ப்பம்தான் அதனிடம் கேட்கும் வேலையை மாற்றிவிட்டது.

அந்த அழுத்தம் மேலறையில் மட்டும் நிற்பதில்லை, பின்னால் நுரையீரலுக்கு ஏறும். நுரையீரலின் நுண்குழாய்களில் அழுத்தம் 25-ஐத் தாண்டும்போது நீர் கசிந்து காற்றுப் பைகளுக்குள் வர ஆரம்பிக்கும். கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்திருப்பதால் அதற்கு முன்பேகூடக் கசியும். ஊரில் 'நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது' என்று சொல்வது இதைத்தான். நீர் வந்தால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் பயம் வரும், பயத்தில் துடிப்பு 130-க்குப் போகும், துடிப்பு ஏறினால் வால்வு திறக்கும் நேரம் இன்னும் குறையும், இன்னும் நீர் கசியும். இந்தச் சுற்று ஒருமுறை ஆரம்பித்துவிட்டால் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும்.

ஆனால் இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் வைத்தியமும் அதிலேயே இருக்கிறது. அதே 7 லிட்டர், துடிப்பை மட்டும் 100-லிருந்து 80-க்குக் கொண்டுவந்தால் அந்த 26 மி.மீ. 20-க்கு வந்துவிடும். 70-க்கு வந்தால் 17. ரத்தத்தின் அளவையும் சற்றுக் குறைத்தால் இன்னும் இறங்கும்.

சரி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது எல்லாருக்கும் வருவதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வரும்தான். காலில் லேசான வீக்கமும் வரும். அதனால்தான் இந்த நோய் கர்ப்பத்துக்குள் ஒளிந்துகொள்கிறது. பிரித்துப் பார்க்க நான் கேட்கும் முதல் கேள்வி மாடிப்படியைப் பற்றியது இல்லை, தலையணையைப் பற்றியது. "ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறாய்?" சாதாரண கர்ப்பிணிக்கு வயிறு பாரமாக இருக்கும், ஒருக்களித்துப் படுத்தால் தூங்கிவிடுவாள். வால்வு சுருக்கம் உள்ள பெண் படுத்தால், காலிலிருக்கும் ரத்தம் நெஞ்சுக்குத் திரும்பி வரும், அதை முன்னால் அனுப்ப வழியில்லாமல் நுரையீரல் கனக்கும். முதலில் ஒரு தலையணை இரண்டாகும், அப்புறம் சுவரில் சாய்ந்து தூங்குவாள், கேட்டால் "இப்படித்தான் சுகமாக இருக்கிறது" என்பாள். ராத்திரி இரண்டு மணிக்கு மூச்சு முட்டி எழுந்து ஜன்னல் பக்கம் போய் உட்காருவாள். படுத்தால் மட்டும் வரும் வறட்டு இருமலும் அதே ஜாதிதான். எழுந்து உட்கார்ந்தால் அடங்கும் இருமலுக்குச் சிரப் கொடுத்துப் பயனில்லை.

இருமல் என்றதும் எனக்கு ஒரு பெண் நினைவுக்கு வருகிறாள். ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியில் தையல் வேலை, 24 வயது, முதல் கர்ப்பம், 29 வாரம். பத்து நாளாக இருமல் என்று பக்கத்தில் காட்டியிருக்கிறாள், சளி என்று மாத்திரையும் சிரப்பும் கொடுத்திருக்கிறார்கள். யாரும் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கவில்லை. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வயிற்றில் லேசாக வலி வர, ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்திருக்கிறார்கள். உடம்பு சோர்வாக இருக்கிறது என்று இரண்டு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, வலியை நிறுத்துவதற்கு ஐசாக்ஸுப்ரின் ஊசியும் மாத்திரையும் கொடுத்திருக்கிறார்கள். கர்ப்பப்பையைத் தளர்த்தும் மருந்துதான் அது, ஆனால் துடிப்பை ஏற்றிவிடும். ஒரு பக்கம் ஒரு லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது, இன்னொரு பக்கம் துடிப்பு 140-ஐத் தொடுகிறது. மேலே சொன்ன கணக்கில் எந்த இரண்டும் ஏறக் கூடாதோ அந்த இரண்டையும் ஏற்றிவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, வால்வைப் பற்றித் தெரியாததால். விடியற்காலை மூன்று மணிக்கு எங்களிடம் வந்தபோது 108 வண்டியில் அவளால் படுக்க முடியாமல், அவள் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடி வந்தாள். வாயோரம் இளஞ்சிவப்பாக நுரை. அந்த நிறம் ரத்தம் கலந்த நுரையீரல் நீரின் நிறம், ஒருமுறை பார்த்தவர்களுக்கு மறக்காது.

கால்களைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டு நிமிர்த்தி உட்காரவைத்தோம், ஆக்சிஜன் வைத்தோம், நீரை வெளியேற்றும் ஃப்ரூஸமைடு ஊசி போட்டோம், ஓடிக்கொண்டிருந்த குளுக்கோஸைக் கழற்றினோம், துடிப்பைக் குறைக்கும் மருந்தைத் துளித்துளியாக, மானிட்டரைப் பார்த்தபடியே கொடுத்தோம். காலை ஆறு மணிக்குத் துடிப்பு 96-க்கு வந்தது, அவள் பேசினாள். எக்கோவில் வால்வு 0.9. நான்கு நாள் கழித்து, நெஞ்சு காய்ந்து நிலைத்ததும், பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். அன்று ராத்திரி அவள் ஒரே தலையணையில் தூங்கினாள். 38 வாரத்தில் பெண் குழந்தை. அவளுக்குச் சின்ன வயதில் மூட்டுக் காய்ச்சல் வந்ததா என்று அவள் அம்மாவைக் கேட்டபோது, "ஆமாம், ஒரு மாசம் காலை மடக்க முடியாமல் கிடந்தாள், அது இதற்குமா?" என்றார். அந்த ஒரு கேள்வியை மூன்றாம் மாதத்தில் யாராவது கேட்டிருந்தால் அந்த ராத்திரியே வந்திருக்காது. உங்கள் விஷயத்தில் ஐந்தாம் மாதத்திலேயே எக்கோ எடுத்துவிட்டார்கள், அதுவே பாதிக் காரியம்.

இனி உங்கள் மகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்த வாரமே இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் மெட்டோப்ரோலால் போன்ற துடிப்பைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்குவார். உட்கார்ந்திருக்கும்போது துடிப்பு 80-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும் என்பது அதன் குறி. "கர்ப்பத்தில் மாத்திரையா" என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள். இந்த வகை மருந்தில் குழந்தையின் எடை சற்றுக் குறைய வாய்ப்பு உண்டு, அதற்காக வளர்ச்சி ஸ்கேனை அடிக்கடி எடுப்பார்கள். அம்மாவின் நுரையீரலில் நீர் கோத்தால் குழந்தைக்கு வரும் ஆபத்து அதைவிட மிகப் பெரிது. மூச்சுத் திணறல் தெரிந்தால் நீர் மாத்திரையும் சேர்ப்பார்கள். துடிப்பு ஒழுங்கில்லாமல் தாறுமாறாக ஓடினால் மேலறையில் ரத்தம் உறைய வாய்ப்புண்டு, அப்போது ரத்தம் உறையாமலிருக்க ஹெப்பாரின் ஊசி வேண்டும்.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது, துடிப்பை ஏற்றும் எதையும் அவளிடம் நெருங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. ரத்தசோகை துடிப்பை ஏற்றும், அதனால் இரும்புச்சத்து மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது. காய்ச்சல் ஏற்றும், அதனால் சாதாரணக் காய்ச்சல்தானே என்று இரண்டு நாள் காத்திருக்கக் கூடாது. நம் ஊர் வெயில் ஏற்றும், மதியத்தில் வெளியே அலையவிடாதீர்கள். உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் இந்த நான்கு மாதம் வேண்டாம். மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும். அப்புறம் நாடி பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், கஷ்டமில்லை, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். காலையில் காபிக்கு முன்னால் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள், பக்கத்தில் எத்தனை தலையணை என்றும் எழுதுங்கள். பத்து நிமிஷம் உட்கார்ந்த பிறகும் 100-க்கு மேல் இருந்தால் அன்றே காட்டுங்கள். படுக்க முடியாத மூச்சுத் திணறல் வந்தாலோ இருமலில் ரத்தம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை உட்காரவைத்தே வையுங்கள், படுக்கவைக்காதீர்கள்.

மாத்திரை கொடுத்தும் மூச்சுத் திணறல் அடங்கவில்லை, அல்லது நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தம் மிகவும் ஏறுகிறது என்றால்தான் பலூன். தொடையில் இருக்கும் ரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, மேலறைகளுக்கு நடுவிலுள்ள சுவரைத் தாண்டி, வால்வுக்குள் பலூனை வைத்து ஊதினால் ஒட்டியிருந்த ஓரங்கள் பிரியும். ஜப்பானைச் சேர்ந்த கான்ஜி இனோவே என்ற அறுவை நிபுணர் உருவாக்கிய பலூன் இது, 1980-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, மயக்கம் கொடுக்க வேண்டியதில்லை, பெரும்பாலும் மறுநாளே எழுந்து நடப்பார்கள். இதற்கு எக்ஸ்ரே தேவை என்பதால் 20 வாரம் தாண்டிச் செய்வதைத்தான் விரும்புவார்கள், குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலம் அதற்குள் முடிந்திருக்கும், வயிற்றைச் சுற்றி ஈயக் கவசம் போட்டு, எக்ஸ்ரே நேரத்தையும் முடிந்தவரை குறைத்துக்கொள்வார்கள். உங்கள் மகள் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறாள். பலூன் எல்லா வால்வுக்கும் ஒத்துவராது. வால்வில் சுண்ணாம்பு படிந்திருந்தாலோ, ஏற்கெனவே நிறையக் கசிவு இருந்தாலோ, மேலறையில் ரத்தக் கட்டி இருந்தாலோ செய்ய மாட்டார்கள். அதை எக்கோ பார்த்துத்தான் சொல்ல முடியும்.

கலைக்கச் சொல்வார்களோ என்ற பயத்தைப் பற்றி: நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் அதற்கான காரணம் எனக்குத் தெரியவில்லை. ஐந்தாம் மாதத்துக்கு மேல் கலைப்பதும் இதயத்துக்குச் சின்ன வேலை இல்லை, அதிலும் ரத்த இழப்பும் அழுத்த மாற்றமும் உண்டு. நுரையீரல் அழுத்தம் அளவுமீறி ஏறிப்போன பெண்களிடம் மட்டும் நாங்கள் அந்தப் பேச்சை எடுக்க வேண்டியிருக்கும். சம்பந்தி வீட்டில் இதை நீங்களாகப் போய்ச் சொல்வதைவிட, மாப்பிள்ளையையும் அவர் அம்மாவையும் இதய மருத்துவரிடம் கூடவே அழைத்துப் போங்கள், அவர்கள் காதால் கேட்கட்டும்.

இதைப் படிக்கும் வேறு யாராவது வால்வு நோய் என்றாலே எல்லாம் இப்படித்தான் என்று பயந்துவிடக் கூடாது. வால்வு சரியாக மூடாமல் கசிவது வேறு கதை. கர்ப்பத்தில் ரத்தக் குழாய்கள் தளர்வதால் ரத்தம் முன்னால் போவது சுலபமாகிறது, பின்னால் கசிவது குறைகிறது, அதனால் மிட்ரல் கசிவு உள்ள பெரும்பாலான பெண்கள், இதயத் தசை வலுவாக இருந்தால், கர்ப்பத்தை நன்றாகவே தாங்குகிறார்கள். சுருங்கிய வால்வுக்குத்தான் எவ்வளவு ரத்தம் வந்தாலும் வழி அதே அளவு. உடம்புக்கு ரத்தம் போகும் வாசலான அயோர்ட்டா வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தாலும் ஆபத்து இதே வகைதான். உலோக வால்வு பொருத்தியவர்களின் சிக்கல் தனி, அவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை குழந்தையைப் பாதிக்கலாம், ஆனால் தானாக நிறுத்தினால் வால்வில் ரத்தம் உறைந்துவிடும். அவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

இப்போது வளைகாப்பு. வளையல் போடுவதில் எந்தத் தடையும் இல்லை, தாராளமாகச் செய்யுங்கள், புகையிலும் கூட்டத்திலும் அவளை மூன்று மணி நேரம் உட்காரவைக்காமல் சீக்கிரம் முடியுங்கள். ஆனால் அதன் பிறகு பேரணாம்பட்டுக்கு அழைத்துப் போவதைத்தான் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். ஏழாம் மாதம் என்பது 28 வாரம். ரத்தத்தின் அளவு உச்சத்துக்கு ஏறும் வாரங்கள் சரியாக அங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன. இத்தனை பெண்களில் நான் பார்த்தது, வளைகாப்பு முடிந்து தாய்வீடு போன இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் மூச்சுத் திணறலோடு வருவார்கள், அதுவும் பழைய சீட்டு எதுவும் கையில் இல்லாமல், புதிய ஊரில் புதிய டாக்டரிடம். உங்கள் வீட்டிலிருந்து ராத்திரியில் வண்டி பிடித்து வேலூர் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்கே தெரியும். காட்பாடியிலிருந்து அது மிகவும் பக்கம். பெண் அம்மா வீட்டுக்கு வருவது வழக்கம், அந்த வழக்கத்தின் நோக்கம் அம்மா கூட இருக்க வேண்டும் என்பதுதானே. நீங்கள் அங்கே போய் இருங்கள். சம்பந்தி வீட்டில் தங்குவது சங்கடமாக இருந்தால் பக்கத்தில் இரண்டு மாதத்துக்கு ஒரு சின்ன வீடாவது பாருங்கள்.

பிரசவம் இதய மருத்துவரும் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் ஒரே ஆஸ்பத்திரியில் இருக்கும் இடத்தில்தான் நடக்க வேண்டும், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சின்ன நர்சிங் ஹோமிலோ வேண்டாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி, சி.எம்.சி. இரண்டுமே உங்களுக்கு எட்டும் தூரம்தான். கிராம செவிலியரிடமும் இப்போதே சொல்லி, தாய்சேய் அட்டையில் வால்வு நோய் என்று பெரிதாக எழுதி வாங்குங்கள். வால்வு நோய் என்றாலே சிசேரியன் என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இடது பக்கம் சாய்த்து, வலி தெரியாமல் முதுகில் மருந்து கொடுத்து, கடைசியில் அவளை முக்கவிடாமல் வேக்யூம் வைத்து எடுக்கும் சுகப்பிரசவம்தான் பெரும்பாலும் இந்த இதயத்துக்கு நல்லது. வலி துடிப்பை ஏற்றும், அதனால் வலியைக் குறைப்பதே இங்கே வைத்தியம்.

குழந்தை பிறந்ததும் எல்லாரும் மூச்சு விடுவார்கள், நான் அப்போதுதான் கட்டிலை விட்டு நகராமல் நிற்பேன். ஒவ்வொரு வலியிலும் கர்ப்பப்பை சுருங்கும்போது 300 முதல் 500 மி.லி. ரத்தம் உடம்புக்குத் திரும்பும். நஞ்சு விழுந்து கர்ப்பப்பை இறுகியதும், வயிறு அழுத்திக்கொண்டிருந்த பெரிய ரத்தக் குழாய் விடுபட்டதும், ஒரே சமயத்தில் நிறைய ரத்தம் இதயத்துக்கு வந்து கொட்டும். வால்வின் துளை அப்போதும் அதேதான். ஒன்பது மாதம் தாங்கிய பெண் பிரசவத்துக்கு அடுத்த சில மணி நேரத்தில் நுரையீரல் நிறைந்து தவிப்பது இதனால்தான். முதல் 24 மணி நேரம் தீவிரக் கண்காணிப்பு வேண்டும், அடுத்த இரண்டு நாளும் அவளைக் கவனத்திலிருந்து விடக் கூடாது. ரத்தப்போக்கை நிறுத்த வழக்கமாகப் போடும் மெத்தர்ஜின் ஊசி அழுத்தத்தை ஏற்றும் என்பதால் இவளுக்கு வேண்டாம், ஆக்ஸிடோசினையும் மொத்தமாகப் போடாமல் மெதுவாக ஏற்ற வேண்டும். இது டாக்டர்கள் பார்க்க வேண்டிய வேலை, ஆனாலும் நீங்களும் தெரிந்துவைத்திருங்கள், ஷிப்ட் மாறும்போது "இவளுக்கு மிட்ரல் சுருக்கம்" என்று ஒரு வார்த்தை சொல்ல அம்மா ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது. பிரசவமாகி மூன்றாம் நாளே வீட்டுக்குப் போகலாமா என்று அவசரப்படுத்த வேண்டாம்.

பால் கொடுக்கலாம், மெட்டோப்ரோலால் அதற்குத் தடையில்லை. குழந்தைக்கு இந்த நோய் பரம்பரையாக வராது. அடுத்த குழந்தையைப் பற்றி யோசிக்கும் முன் வால்வைச் சரிசெய்துகொள்ள வேண்டும், அதுவரைக்குமான கருத்தடையைப் பிரசவ வார்டிலேயே பேசிவிடுங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை மட்டும் வேண்டாம்.

நிறுத்திவிட்ட அந்த 21 நாள் பென்சிலின் ஊசியை டாக்டரிடம் சொல்லித் திரும்பத் தொடங்குங்கள். கர்ப்பத்தில் அது பாதுகாப்பானது. கல்யாணத்தோடு முடிந்துபோகும் ஊசி இல்லை அது, வால்வு பாதித்தவர்களுக்குக் குறைந்தது 40 வயது வரை போடச் சொல்கிறோம், ஒவ்வொரு புதிய தொண்டைப்புண்ணும் அந்தத் தழும்பை இன்னும் தடிக்க வைக்கும். கடைசியாக, எக்கோவை அடுத்த முறை எடுக்கும்போது 1.2 என்ற பரப்பு மட்டும் போதாது. அழுத்த வித்தியாசம் எவ்வளவு, அதை அளந்த நேரத்தில் துடிப்பு எவ்வளவு, நுரையீரல் ரத்தக் குழாய் அழுத்தம் எவ்வளவு என்று மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். துடிப்பு 70-ல் 9 என்பதும் 100-ல் 9 என்பதும் ஒன்றில்லை. அந்தத் தாளைப் போனில் படம் எடுத்து உங்களிடம் ஒன்று, மாப்பிள்ளையிடம் ஒன்று வைத்திருங்கள். 28-ஆம் வாரத்தில் மறுபடி எக்கோ.